ஒட்டுத் தெரியாத வானம்

நாளிதழின் ஒரு பக்கத்தை எடுத்து, இடது ஓரத்தையும் வலது ஓரத்தையும் சேர்த்துப் பிடித்து உருளையாக்கி, தலைக்கு மேல் கவிழ்த்துக்கொள்ளுங்கள். உள்ளிருந்து சுற்றிப் பார்த்தால் ஓரிடத்தில் மட்டும் வரிகள் பாதியில் அறுந்து, அதற்குச் சம்பந்தமே இல்லாத வேறு வரிகள் தொடங்கும். கணினி விளையாட்டில் நாம் நிமிர்ந்து பார்க்கும் வானமும் ஏறக்குறைய இப்படிச் சுருட்டி வைத்த ஒரு படம்தான். ஸ்கைபாக்ஸ் என்று சொல்வார்கள். நம் பாத்திரம் எங்கே ஓடினாலும் அந்தக் கூண்டும் கூடவே நகர்ந்து வரும். அதனால் வானத்தை எட்டிவிட முடியாது. 1997-ல் வந்த குவேக் 2 விளையாட்டில் நான்கு பக்கமும் மேலும் கீழுமாக ஆறு சதுரப் படங்களை ஒரு பெட்டிபோல் சேர்த்து வானம் கட்டினார்கள். பெட்டி என்ற பெயர் அந்த வழக்கத்தின் மிச்சம். இன்று பலரும் ஒரே அகலப் படமாக வானத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். அதைச் சுருட்டி உருண்டையாக்கும் வேலையை விளையாட்டு எஞ்சின் பார்த்துக்கொள்கிறது.

அந்த அகலப் படத்தை இப்போது எழுத்தில் விவரித்தே வரவழைக்கலாம். ஸ்டேபிள் டிஃப்யூஷன் போன்ற படம் வரையும் மாதிரிகளுக்குக் கொடுக்கும் அந்த விவரிப்புக்குத்தான் பிராம்ப்ட் என்று பெயர். நானும் ஒரு நண்பரும் சின்னப் படகு விளையாட்டு ஒன்று செய்துகொண்டிருந்தபோது இந்த வழியில் இறங்கினோம். நடுக்கடல், ஒரு படகு, சுற்றிலும் தொடுவானம். மலையோ மரமோ கட்டடமோ இல்லை. வானத்தின் குறையை மறைக்க ஒன்றுமே இல்லாத விளையாட்டு அது. முதல் வானத்தை ஏற்றிப் படகைத் திருப்பியதும் நண்பர் திரையைத் தொட்டுக் காட்டினார்: "இங்க பாருங்க, மேகத்தைக் கத்தியால வெட்டின மாதிரி இருக்கு." உச்சியிலிருந்து கடல்வரை நேராக ஒரு கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் பஞ்சுமேகம், அந்தப் பக்கம் வெறும் நீலம்.

பிராம்ப்டில் "seamless, no visible seam" என்று எழுதித்தான் கொடுத்திருந்தேன். அது ஏன் பலிக்கவில்லை என்பதில்தான் இந்த வேலையின் சூட்சுமமே இருக்கிறது. மாதிரி நம் சொல்லைக் கட்டளையாக எடுத்துக்கொள்வதில்லை. எந்தச் சொல்லோடு எந்த மாதிரிப் படங்கள் சேர்ந்து வந்தன என்ற பழக்கத்தை வைத்து வரைகிறது. 'seamless' என்ற சொல் இணையத்தில் பெரும்பாலும் சுவர்த்தாள், துணி டிசைன் போன்றவற்றோடு ஒட்டிக்கொண்டிருப்பது; அதை அழுத்திச் சொன்னால் ஒரே மேகம் அச்சுக்குத்தியதுபோல் திரும்பத் திரும்ப வருகிறது. 'no seam' என்பது இன்னும் மோசம். இத்தகைய மாதிரிகளுக்கு 'இல்லை' என்ற சொல் சரியாக விளங்குவதில்லை. தொடுவானத்தில் கோடு வேண்டாம் என்று எழுதினால் கோடு, தொடுவானம் என்ற இரண்டு சொற்களையும் நாமே நினைவூட்டியதாக ஆகிவிடும். வேண்டாததை நெகட்டிவ் பிராம்ப்ட் என்ற தனிப் பெட்டியில், 'no' இல்லாமல், வெறும் பெயராக எழுத வேண்டும்.

ஓரங்கள் சேராததற்கு இதைவிட அடிப்படையான காரணம் ஒன்று உண்டு. மாதிரி ஒவ்வொரு புள்ளியையும் அதன் அக்கம்பக்கத்தைப் பார்த்துத்தான் வரைகிறது. இடது ஓரத்துப் புள்ளிக்கு இடப்பக்கம் யாருமே இல்லை. வலது ஓரத்தில் இருப்பது தன் அடுத்த வீடு என்பது அதற்குத் தெரியாது. கட்டம் போட்ட துணியில் சட்டை தைக்கும் தையல்காரர், இரண்டு துண்டையும் அருகருகே வைத்துக் கட்டம் சேர்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கத்தரி வைப்பார். மாதிரிக்கு அந்த இரண்டு துண்டையும் சேர்த்துப் பார்க்கும் வாய்ப்பே இல்லை. எத்தனை நல்ல சொல்லாலும் அந்த வாய்ப்பைக் கொடுக்க முடியாது. ஒட்டு எளிதில் கண்ணில் படாத ஒரு வானத்தைத் தேர்ந்தெடுத்துக் கேட்பதுதான் சொல்லின் வேலை. சேர்ப்பதை நாம்தான் செய்ய வேண்டும்.

அப்படிப்பட்ட வானம் எது என்று தெரிய, சுருட்டும் முறையைக் கொஞ்சம் புரிந்துகொள்ள வேண்டும். பள்ளிக்கூடத்துச் சுவரில் தொங்கும் உலக வரைபடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ரஷ்யாவின் கிழக்குக் கோடி வலது ஓரத்தில் வெட்டுப்பட்டு, ஒரு சின்னத் துண்டு மட்டும் இடது ஓரத்தில் அலாஸ்காவுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். கீழே அண்டார்டிகா படத்தின் முழு அகலத்துக்கும் பட்டையாக நீண்டிருக்கும். தென்துருவம் என்ற ஒரே புள்ளி அங்கே ஒரு முழுக் கோடாக இழுக்கப்பட்டிருக்கிறது. வானப் படமும் இதே கணக்குதான். ஈக்விரெக்டாங்குலர் என்பது அதன் பெயர். அகலம் 360 பாகை, உயரம் 180 பாகை. ஆகவே அகலம் எப்போதும் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு. தொடுவானம் சரியாக நடு உயரத்தில் இருக்க வேண்டும். மேல் விளிம்பு முழுவதும் தலைக்கு நேர் மேலே உள்ள ஒரே புள்ளி.

மேலே போகப் போக இந்த இழுப்பு கூடிக்கொண்டே போகும். தொடுவானத்திலிருந்து 60 பாகை உயரத்தில் ஒரு மேகம் படத்தில் இரண்டு மடங்கு அகலமாக இருந்தால்தான் விளையாட்டில் இயல்பாகத் தெரியும். 80 பாகையில் ஏறக்குறைய ஆறு மடங்கு வேண்டும். சாதாரணப் புகைப்படங்களைப் பார்த்துப் பழகிய மாதிரி உச்சியிலும் சாதாரண மேகத்தையே வரைந்துவிடும். விளையாட்டில் நிமிர்ந்து பார்த்தால் மேகங்கள் எல்லாம் ஒரு புள்ளியில் கிள்ளி இழுத்ததுபோல் நட்சத்திர வடிவில் குவிந்து நிற்கும். அதனால்தான் உச்சியை வெறும் நீலமாகக் கேட்பது நல்லது. வெறும் நீலத்தை எவ்வளவு இழுத்தாலும் நீலம்தான்.

பல தடவை மாற்றி எழுதிய பிறகு நாங்கள் வைத்துக்கொண்ட பிராம்ப்ட் இது:

```
equirectangular 360 panorama, open sky over calm sea,
horizon at mid-height, thin high clouds,
clear deep blue zenith, pale haze along the horizon,
even soft daylight
```

நெகட்டிவ் பெட்டியில் இது:

```
sun, lens flare, vignette, border, frame,
land, trees, buildings, ships, birds, text
```

இதில் எந்தச் சொல்லும் அழகுக்காக வந்ததில்லை. முதல் மூன்று சொற்கள் இத்தகைய படங்களோடு வழக்கமாகச் சேர்ந்து வருபவை. அந்த வளைவான அமைப்பை ஓரளவு வரவழைக்கும். மெல்லிய உயர்மேகம் கேட்டதற்குக் காரணம், அதற்குத் தெளிவான விளிம்பு கிடையாது. பஞ்சுமேகம் ஓரத்தில் வெட்டுப்பட்டால் குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும். இழை இழையான மேகத்தில் வெட்டை எளிதில் ஆற்றிவிடலாம். பறவை வேண்டாம் என்றதற்கும் காரணம் உண்டு. படத்தில் வந்துவிட்ட பறவை விளையாட்டு முழுக்கச் சிறகு விரித்தபடி ஒரே இடத்தில் உறைந்து நிற்கும்.

'vignette' என்ற சொல்தான் எங்களுக்குப் பெரிய உதவி செய்தது. புகைப்படங்களில் நடுப்பகுதி வெளிச்சமாகவும் ஓரங்கள் லேசாக இருட்டியும் இருப்பது வழக்கம். தனிப் படமாகப் பார்த்தால் அது தெரியவே தெரியாது. சுருட்டியதும் இரண்டு இருண்ட ஓரங்களும் சேர்ந்து, வானத்தில் தூண்போல் ஒரு நிழல் எழுந்து நிற்கும். மேகங்கள் கச்சிதமாகச் சேர்ந்திருந்தாலும் இந்தத் தூண் போகாது.

சூரியனை விலக்கியதற்கு ஒரு சின்னக் கணக்கு. உண்மையான சூரியன் வானத்தில் அரைப் பாகை அகலமே பிடிக்கும். 4096 பிக்சல் அகலப் படத்தில் அது ஆறு பிக்சல்தான். மாதிரியோ 1408 பிக்சல் படத்தில் அறுபது பிக்சலுக்குச் சூரியன் வரைகிறது. அது பதினைந்து பாகை, கிட்டத்தட்ட முப்பது சூரியன்களை வரிசையாக வைத்த அகலம். அதோடு, படத்தில் சூரியன் ஒரு திசையிலும் விளையாட்டின் நிழல்கள் வேறு திசையிலும் விழுந்தால் பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும் மனதில் உறுத்தும். சூரியனைப் பிறகு விளையாட்டுக்குள்ளேயே, வெளிச்சம் வரும் திசையில், சரியான அளவில் வைத்துக்கொள்ளலாம்.

படத்தை 1408-க்கு 704 என்ற அளவில் எடுத்தோம். நாங்கள் பயன்படுத்திய மாதிரியான எஸ்டிஎக்ஸ்எல் பழகிய அளவுகளில் சரியாக இரண்டுக்கு ஒன்றாக இருப்பது அது. முதலில் பார்க்க வேண்டியது ஓரத்தை அல்ல, தொடுவானத்தை. நடு உயரம் என்றால் 352-ஆவது வரிசை. எங்கள் படத்தில் அது 440-ல் இருந்தது. 'mid-height' என்று எழுதியும் இப்படித்தான் வந்தது. புகைப்படக்காரர்கள் பெரும்பாலும் தொடுவானத்தை நட்டநடுவில் வைப்பதில்லை, மாதிரியும் அவர்களைப் பார்த்துத்தான் கற்றிருக்கிறது. 88 வரிசை வித்தியாசம் என்பது இருபத்திரண்டரைப் பாகை. இதை அப்படியே ஏற்றினால் என்ன ஆகும்? படத்துத் தொடுவானம் விளையாட்டின் கடலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும். கடல் முடிகிற இடத்தில் நமக்குத் தெரிவது வெளிறிய மூட்டம் அல்ல, அதற்கு மேலே உள்ள அடர்நீலம். வெளிறிய கடலும் அடர்நீல வானமும் கத்தரித்து ஒட்டியதுபோல் சந்திக்கும். வித்தியாசம் எதிர்ப்பக்கம் இருந்தால் இன்னும் விபரீதம்: வரைந்த கடலின் ஒரு பட்டை, விளையாட்டின் கடலுக்கு மேலே சுவர்போல் எழுந்து நிற்கும். தொடுவானத்துக் கோடு என்று பலர் புலம்புவது பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான். ஓரங்களை எவ்வளவு ஒட்டினாலும் இது தீராது.

நாங்கள் மேலிருந்து 440 வரிசைவரை உள்ள வானத்தை மட்டும் வெட்டி எடுத்து, உயரத்தில் 352-ஆக அமுக்கினோம். மேகங்கள் ஐந்தில் ஒரு பங்கு தட்டையாகும். மெல்லிய மேகத்துக்கு அது குறையாகத் தெரியாது. மனிதரோ கோபுரமோ இருந்தால் இப்படிச் செய்ய முடியாது. கீழ்ப் பாதியை அப்போதைக்கு மூட்டத்தின் நிறத்தால் நிரப்பி, படத்தை மறுபடி 704 வரிசைக்குக் கொண்டுவந்தோம்.

அடுத்து ஓரம். இதற்குப் பழைய, எளிய உபாயம் ஒன்று இருக்கிறது. படத்தைப் பாதி அகலத்துக்கு உருட்டிவிட வேண்டும். இடப்பாதி வலப்பக்கமும் வலப்பாதி இடப்பக்கமும் போய்விடும். இரண்டு ஓரங்களும் படத்தின் நட்டநடுவில் வந்து சந்திக்கும். ஒளிந்திருந்த ஒட்டு கண்ணுக்கு நேரே வந்துவிடும். இமேஜ்மேஜிக் என்ற இலவச மென்பொருளில் இது ஒரே வரி:

```
magick sky.png -roll +704+0 rolled.png
```

கிம்ப், ஃபோட்டோஷாப் இரண்டிலும் ஆஃப்செட் என்ற வசதி இதையே செய்யும். இப்போது நடுவில் தெரியும் கோட்டின்மேல் 160 பிக்சல் அகலத்துக்கு, ஓரம் மங்கலாக ஒரு பட்டையைக் குறித்து, அந்தப் பட்டையை மட்டும் திரும்ப வரையச் சொன்னோம். இன்பெயின்டிங் என்பார்கள். இப்போதுதான் மாதிரிக்கு இரண்டு பக்கமும் தெரிகிறது. அதனால் இரண்டையும் இணைத்து வரைகிறது. பட்டை மிகக் குறுகலாக இருந்தால் மேகம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு வளைந்து போக இடம் போதாது, தழும்புபோல் நிற்கும். எங்கள் முதல் முயற்சியில் நாற்பது பிக்சல் வைத்து அப்படித்தான் கெட்டது. இன்னொன்று, இரண்டு ஓரங்களின் வெளிச்சமும் வேறுபட்டிருந்தால் அதை முதலில் சமன்செய்துவிட்டுத்தான் பட்டையைத் தொட வேண்டும். இல்லாவிட்டால் அந்த வேறுபாடு பட்டைக்குள் ஒரு சரிவாகத் தங்கிவிடும்.

மாதிரியின் உள்ளமைப்பையே மாற்றி, இடது ஓரப் புள்ளிக்கு வலது ஓரப் புள்ளிதான் அண்டை என்று ஏற்பாடு செய்வதும் உண்டு. சில மென்பொருள்களில் டைலிங் என்ற பெயரில் இந்த வசதி இருக்கிறது. ஆனால் கவனம்: அது வழக்கமாக மேலையும் கீழையும்கூடச் சேர்த்துவிடும். உச்சி வானத்தில் கடலின் சாயல் ஏறியிருந்தால் காரணம் இதுதான். குறுக்கு அச்சில் மட்டும் சேர்க்கும் வசதி இருந்தால் மட்டும் இதைப் பயன்படுத்துங்கள்.

ஒட்டு சரியானது என்று நிம்மதியாக இருந்தோம். படத்தைப் பெரிதாக்கியதும் கோடு திரும்ப வந்துவிட்டது. யோசித்தால் நியாயம்தான். நான்கு மடங்கு பெரிதாக்கும் மென்பொருளும் அக்கம்பக்கத்தைப் பார்த்துத்தான் நுணுக்கங்களைக் கூட்டுகிறது. ஓரத்தில் அதற்கும் அண்டை கிடையாது. இதற்கு வழி, பெரிதாக்கும் முன் ஒவ்வொரு பக்கமும் 64 பிக்சலுக்கு எதிர் ஓரத்தின் நகலை ஒட்டிக்கொள்வது. பைத்தானில்:

```
img = np.pad(img, ((0,0),(64,64),(0,0)), mode="wrap")
```

1408 இப்போது 1536 ஆகிறது. நான்கு மடங்கானால் 6144. இரண்டு பக்கமும் 256 பிக்சலை வெட்டி எறிந்தால் 5632-க்கு 2816 மிஞ்சும். கெட்டுப்போன ஓரம் வெட்டுப்பட்ட பகுதியோடு போய்விடும். பிறகு அதை 4096-க்கு 2048 என்று சுருக்கிக்கொண்டோம்.

இனி மீதி இருப்பது கடலும் வானமும் தொடுகிற இடம். உண்மைக் கடலில் தொலைவில் நீரின் நிறமும் வானத்தின் நிறமும் மூட்டத்தில் கரைந்து ஒன்றாகிவிடும். விளையாட்டில் அந்தக் கரைவை நாம்தான் செய்ய வேண்டும். தொடுவானத்துக்குச் சற்று மேலே உள்ள பத்திருபது வரிசைகளின் சராசரி நிறத்தை எடுத்து, விளையாட்டின் மூடுபனி நிறமாக அதையே வைத்தோம். தொலைவுக் கடல் அந்த நிறத்துக்குள் மங்கிப்போகும். வானமும் அதே நிறத்தில் தொடங்கும். கோடு எங்கே என்று தேடினாலும் கிடைக்காது.

'even soft daylight' என்று எழுதியதன் பலன் இங்கேதான் தெரியும். நண்பர் அந்திவானம் வேண்டும் என்று ஆசைப்பட்டார். அந்தியில் மேற்கே தொடுவானம் ஆரஞ்சு, கிழக்கே சாம்பல்நீலம். மூடுபனிக்கோ ஒரே நிறம்தான். மேற்குக்குப் பொருந்த வைத்தால் கிழக்குக் கடல் ஆரஞ்சாக நீல வானத்தை முட்டும். அப்படிப்பட்ட வானத்துக்கு ஒவ்வொரு திசையிலும் தொடுவானத்தின் நிறத்தையே கீழ்ப் பாதிக்குள் இழுத்துவிட்டு, தொலைவுக் கடல் அந்தந்தத் திசையின் வான நிறத்தை எடுத்துக்கொள்ளும்படி செய்ய வேண்டும். மூடுபனி வானப் படத்தின் மங்கலான நகலிலிருந்து நிறம் எடுப்பதுதான் முறை. முடியும், ஆனால் அது பிராம்ப்டால் தீரும் வேலை அல்ல. விளையாட்டின் நிரலுக்குள் போக வேண்டும். முதல் முறை செய்பவர் பகல் வானத்தோடு தொடங்குவது நல்லது என்பது என் கருத்து.

எல்லாம் முடிந்து ஏற்றிய பிறகும் ஒரே ஒரு பிக்சல் அகலத்தில், மயிரிழைபோல் ஒரு கோடு நின்றது. படத்தை உருட்டிப் பார்த்தால் குற்றம் ஏதும் இல்லை. இரண்டு நாள் படத்தையே குறை சொல்லிக்கொண்டிருந்தோம். கடைசியில் ஒரு சோதனை வழி காட்டியது: பாதி அகலம் உருட்டிய படத்தை விளையாட்டில் ஏற்றிப் பார்த்தோம். மேகங்கள் எல்லாம் எதிர்த்திசைக்குப் போயின. கோடு மட்டும் அதே திசையில் அப்படியே இருந்தது. கோடு படத்தில் இருந்தால் மேகத்தோடு சேர்ந்து நகர்ந்திருக்கும். நகராததால் அது படத்தை வாசிக்கும் விதத்தில் இருக்கிறது.

காரணம் இதுதான். எஞ்சின் ஒவ்வொரு படத்துக்கும் சின்னச் சின்ன நகல்களைச் சேர்த்து வைத்துக்கொள்கிறது. மிப்மேப் என்று பெயர். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் படத்தில் எவ்வளவு தள்ளி விழுகின்றன என்று பார்த்து, வெகுதூரம் என்றால் சின்ன நகலை எடுக்கும். ஒட்டு விழும் இடத்தில் ஒரு புள்ளி படத்தின் வலது கோடியிலும் அடுத்த புள்ளி இடது கோடியிலும் விழுகின்றன. படம் முழுக்கத் தாண்டியதாக எஞ்சின் கணக்குப் போட்டு, ஆகச் சின்ன நகலை, அதாவது மொத்த வானத்தின் சராசரி நிறத்தை, அந்த ஒரு பிக்சலில் பூசிவிடுகிறது. யூனிட்டியில் அந்தப் படத்துக்கு `Generate Mip Maps` என்ற பெட்டியின் டிக்கை எடுத்துவிட்டோம். கூடவே குறுக்கு அச்சில் `Repeat`, நெடுக்கு அச்சில் `Clamp` என்று வைத்தோம். படகைத் திருப்பி ஒரு முழுச் சுற்று வந்தபோது, எந்தத் திசையில் தொடங்கினோம் என்பதே இருவருக்கும் தெரியவில்லை.